ஃபேஸ்புக்கை அழிக்கும் முன் மற்ற ஆப்களின் கதவைத் திறந்து வையுங்கள்

ஒருவர் ஒரு ஷாப்பிங் ஆப்பில் Continue with Facebook பொத்தானை அழுத்திச் சேர்ந்தார். பிறகு ஃபேஸ்புக் கணக்கை அழித்தார். ஆப்பின் வாலட்டில் ரீஃபண்ட் பணம் 2,340 ரூபாய். உள்ளே போக வழியில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் "ஃபேஸ்புக் மூலமாகவே லாகின் பண்ணுங்க சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

எங்கே சிக்கியது? ஃபோன் நம்பரில் மட்டும் தொடங்கிய ஃபேஸ்புக் கணக்கு அது, அதில் ஈமெயிலே இல்லை. அதனால் ஆப்புக்கும் ஈமெயில் போகவில்லை. "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினாலும் மெயில் போய்ச் சேர இடமில்லை. ஆப் அவரை அடையாளம் கண்டது, அந்த ஆப்புக்கென்றே ஃபேஸ்புக் கொடுத்த ஓர் எண்ணை வைத்து. அதே பெயரில் புதிதாக ஃபேஸ்புக் கணக்கு தொடங்கினால் வேறு எண்தான் வரும். பழைய வாலட் வராது.

அழிக்கச் சொன்ன பிறகு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஃபேஸ்புக்கில் லாகின் செய்து அழிப்பை ரத்து செய்யலாம். அவர் கவனித்தது அதற்கும் பிறகு.

செய்ய வேண்டியது இது. ஃபேஸ்புக்கில் Settings & privacy, பிறகு Settings, அதில் Apps and websites. இணைத்த ஆப்களின் பட்டியல் வரும். Expired என்று இருப்பவற்றையும் பாருங்கள்: ரொம்ப நாள் தொடாத ஆப்கள் அங்கேதான் கிடக்கும், மறந்துபோன கணக்குகளும் அவற்றில்தான்.

உடனே Remove அழுத்திவிடாதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். முதலில் அந்தந்த ஆப்பின் உள்ளே போய், ப்ரொஃபைலில் இன்றைக்கும் நீங்கள் திறக்கும் ஈமெயில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்து, உறுதி செய்யுங்கள். சில ஆப்களில் பாஸ்வேர்டு வைக்கும் இடமே தெரியாது. லாக் அவுட் செய்து "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" வழியாகப் புதிதாக வைத்துப் பாருங்கள். பிறகு பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில், ஃபேஸ்புக் பொத்தானைத் தொடாமல், ஈமெயிலும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையுங்கள். பழைய ஆர்டர்களும் வாலட் தொகையும் தெரிந்தால்தான் அது உங்கள் பழைய கணக்கு. காலியாக இருந்தால் இன்னொரு புதுக் கணக்கு உருவாகிவிட்டது என்று அர்த்தம்.

இதெல்லாம் சரியானபின் Remove. Remove அழுத்தியதால் மட்டும் ஆப் ஏற்கெனவே வாங்கி வைத்த பெயரும் படமும் அவர்களிடமிருந்து போய்விடாது. அதை அழிக்க வேண்டுமானால் ஆப் நிறுவனத்திடமே கேட்க வேண்டும். ஃபேஸ்புக்கில் அந்த ஆப்பின் விவரத்தில் உங்கள் User ID தெரிந்தால், நீக்கும் முன் குறித்து வைத்துக் கேட்கும்போது அதையும் கொடுங்கள். அவர்கள் உங்களைத் தேடிப் பிடிப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.