படி வடிவ சிக்னலுக்கு டோட்டல் வேரியேஷன் வடிகட்டல்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவரும் நிறை, குறை

டோட்டல் வேரியேஷனைச் சுருக்கி டி.வி. என்பார்கள். தொலைக்காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ருடின், ஓஷர், ஃபதேமி மூவரும் 1992-இல் படங்களின் இரைச்சலை நீக்கக் கொண்டுவந்த முறை இது. ஒற்றைப் பரிமாண சிக்னலில், அதிலும் படிபடியாக ஏறி இறங்கும் சிக்னலில், இன்னும் நன்றாக வேலை செய்கிறது. நம் அனுபவத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: படி எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்பலாம், படி எவ்வளவு உயரம் என்று கேட்டால் அப்படியே நம்பக் கூடாது.

எடுத்துக்காட்டுக்கு, பேட்டரியில் ஓடும் ஒரு சென்சார் போர்டு இழுக்கும் மின்னோட்டம். மில்லிசெகண்டுக்கு ஒரு சாம்பிள், மொத்தம் 200. முதல் 100 சாம்பிள் 20 மில்லிஆம்பியர். ரேடியோ எழுந்து செய்தி அனுப்பும் 20 சாம்பிள் 60. மீதி 80 சாம்பிள் 30. இதன்மேல் 5 மில்லிஆம்பியர் திட்டவிலக்கம் கொண்ட இரைச்சல்.

டி.வி. செய்வது இந்தக் கூட்டுத்தொகையைக் குறைப்பதுதான்:

```
½ Σ (y[i] − x[i])²  +  λ Σ |x[i+1] − x[i]|
```

y அளந்தது, x நாம் தேடும் விடை. முதல் பகுதி, அளந்ததை விட்டு விலகினால் கட்டும் அபராதம். இரண்டாவது, பக்கத்துச் சாம்பிள்கள் வேறுபட்டால் கட்டும் அபராதம்; அதற்கு எவ்வளவு எடை என்பதை λ சொல்கிறது. கூர்மை காப்பாற்றப்படும் சூட்சுமம் இந்த இரண்டாவதில், வர்க்கத்துக்குப் பதிலாக மாடுலஸ் குறி இருப்பதில்தான்.

20-லிருந்து 60-க்கு 40 ஏற வேண்டும். ஒரே தாவலில் ஏறினால் மாடுலஸ் கணக்கில் செலவு 40. நான்கு சாம்பிளில் பத்துப் பத்தாக ஏறினாலும் 40-தான். வர்க்கம் போட்டிருந்தால் ஒரே தாவலுக்கு 1600, நான்காகப் பிரித்தால் வெறும் 400. அதனால் வர்க்க அபராதம் எப்போதும் படியை இழுத்துச் சரிவாக்கவே பார்க்கும். டி.வி.க்கு இரண்டும் ஒன்று. முடிவை அளவீட்டிடமே விட்டுவிடுகிறது. அளவீட்டில் செங்குத்தாக இருந்தால் விடையிலும் செங்குத்தாகவே நிற்கும்.

தளங்கள் தட்டையாவதற்குக் காரணமும் அதே மாடுலஸ்தான். வர்க்கம் சுழியத்தை நெருங்க நெருங்க பிடியைத் தளர்த்தும், 0.1 வேறுபாட்டுக்கு 0.01 அபராதம் என்றால் யார் கவலைப்படுவார்கள்? மாடுலஸ் கடைசி வரை ஒரே அழுத்தத்தில் பிடிக்கும். சின்ன வேறுபாடுகள் சரியாகச் சுழியமாகிவிடும்.

அந்த விடாப்பிடிக்கு விலை உண்டு. சுற்றிலும் இருப்பதைவிட உயர்ந்து நிற்கும் தளத்தை இரண்டு விளிம்புகளும் கீழே இழுக்கும். இழுப்பு மொத்தம் 2λ. அதை அந்தத் தளத்தின் சாம்பிள்கள் பங்கிட்டுக்கொள்ளும். λ = 60 என்றால் நம் 20 சாம்பிள் துடிப்பு 120/20, அதாவது 6 இறங்கி 54 ஆகும். இடது தளம் 60/100 ஏறி 20.6, வலது தளம் 60/80 ஏறி 30.75. இரைச்சல் இல்லாத சிக்னலைக் கொடுத்தாலும் இதே எண்கள்தான் வரும்; இது இரைச்சலின் பிழை இல்லை, முறையின் சாய்வு. கூட்டிப் பாருங்கள்: மேலே போனது 60 + 60, கீழே வந்தது 120. மொத்த மின்னூட்டம் மாறவில்லை. அதனால்தான் பேட்டரி ஆயுள் கணக்கு சரியாக வந்துவிட்டது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் ஒரு செய்தி அனுப்ப எவ்வளவு செலவு என்று கேட்டால் 10 சதவீதம் குறைவாகச் சொல்வார்கள்.

மருந்து எளிது. டி.வி.யின் விடையிலிருந்து விளிம்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்துக்கும் மூல அளவீட்டின் சராசரியைப் போடுங்கள்.

```python
import numpy as np, prox_tv as ptv
s = 1.4826*np.median(np.abs(np.diff(y)))/np.sqrt(2)
lam = 1.2*s*np.sqrt(100)
x = ptv.tv1_1d(y, lam)
cut = np.flatnonzero(np.abs(np.diff(x)) > s) + 1
z = np.concatenate([np.full(len(p), p.mean())
                    for p in np.split(y, cut)])
```

இரண்டாவது வரி இரைச்சலை அளக்கிறது. பக்கத்துச் சாம்பிள்களைக் கழித்தால் தளத்தின் உயரம் போய்விடும். மீடியன் எடுப்பதால் இரண்டே இரண்டு பெரிய தாவல்கள் கணக்கைக் கெடுக்காது. மூன்றாவது வரியின் 100 என்பது நீளமான தளத்தின் சாம்பிள் எண்ணிக்கை. L சாம்பிள் இரைச்சலைக் கூட்டினால் அது √L வேகத்தில் வளர்வதால்தான் இந்த வடிவம். 1.2 என்பது தொடங்க ஒரு எண், அவ்வளவுதான். சாம்பிள் வேகத்தைப் பத்து மடங்காக்கி, ஒரு சாம்பிளின் இரைச்சல் அப்படியே இருந்தால், λ சுமார் 3.2 மடங்காக வேண்டும். இதை மறந்துவிட்டுப் பழைய λ-வையே வைத்திருப்பது மிக வழக்கமான தவறு. இன்னொன்று, சில நிரல்களில் முன்னால் அந்த ½ இருக்காது. அங்கே இதே விடைக்கு λ-வை இரண்டு மடங்காக்க வேண்டும்.

கடைசி வரியில் துடிப்பு மறுபடி 60-ஐ ஒட்டி வந்துவிடும். 20 சாம்பிளின் சராசரி என்பதால் 5/√20, அதாவது 1.1 அளவுக்கு ஆடும். அது இரைச்சல் விதித்த எல்லை.

`cut` வரியில் `> 0` போடாமல் `> s` போட்டதற்குக் காரணம் உண்டு. 20, 30, 60 என்று ஒரே திசையில் ஏறும் சிக்னலை நினைத்துப் பாருங்கள். நடுத்தளத்தை ஒரு விளிம்பு கீழே இழுக்கும், மற்றது மேலே இழுக்கும். நிகர இழுப்பு சுழியம். உயரம் சுருங்காதது நல்லதுதான். ஆனால் அந்தத் தளம் 29, 30, 31 என்று உடைந்தாலும் மொத்த ஏற்றம் 40-தான், கூடுதல் அபராதம் கிடையாது. ஆகவே இரைச்சல் சொல்கிறபடி விளிம்போரம் பொய்ப்படிகள் முளைக்கும். λ-வை ஏற்றினாலும் இவை முழுசாகப் போகாது. `s`-ஐ விடச் சின்னத் தாவல்களைச் சேர்த்துவிடுவதே நடைமுறை வழி.

எதை விழுங்கும் என்பதற்கு மனக்கணக்கு ஒன்று போதும்: உயரத்தைச் சாம்பிள் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அது 2λ-வைத் தாண்டாவிட்டால் துடிப்பு காணாமல் போகும். 20 தளத்தின் மேல் மூன்றே சாம்பிள் 60-க்கு எழுந்து இறங்கினால், 40 × 3 = 120. λ = 60-இல் தடமே இருக்காது. அதே கணக்கில், ஒற்றைச் சாம்பிள் பிழையாக 150 எம்பினால் 30 மிச்சம் நிற்கும். உண்மையான துடிப்பு போய்விட, பொய்யான முள் நிற்கும். முள் வரக்கூடிய அளவீடு என்றால் டி.வி.க்கு முன்பே மூன்று சாம்பிள் மீடியன் ஓட்டிவிடுங்கள். மூன்று சாம்பிள் துடிப்பு அதில் தாக்குப்பிடிக்கும், ஒற்றை முள் பிடிக்காது.

விழுங்கப்பட்டதைக் கண்டுபிடிக்க `y - z`-ஐ வரைந்து பாருங்கள். மொத்த திட்டவிலக்கம் 5-ஐ ஒட்டியே வந்து ஏமாற்றலாம். அடுத்தடுத்த மூன்று சாம்பிள் ஒரே பக்கமாக 15-ஐத் தாண்டி நின்றால், அது இரைச்சல் இல்லை, போன துடிப்பு. அந்தத் துண்டை மட்டும் சின்ன λ-வில் மறுபடி ஓட்டினால் போதும்.

அளவீட்டின் அடித்தளமே மெல்லச் சரிகிறது என்றால் இந்த முறையை அப்படியே போடாதீர்கள். சரிவைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டித் தரும், பார்க்க நிஜப் படிகள் போலவே இருக்கும். முதலில் சரிவைக் கழித்துவிட்டுப் பிறகு ஓட்ட வேண்டும்.