புது ஜி.ஐ. தகட்டில் போர்டு எழுதுகிறவர்கள் கவனத்துக்கு

11,500 ரூபாய் போய்விட்டது. ராமநாதபுரத்தில் போர்டு அடித்துத் தரும் ஒரு பட்டறையின் பேச்சை நம்பியதால் வந்த வினை. வயிறு எரிகிறது, அதனால் இன்றே எழுதுகிறேன்.

பகலில் ஐஸ் பிளான்ட்டில் கணக்கு எழுதுகிறேன், மாலையில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவேன். மண்டபத்தில் ஒரு கருவாட்டுக் கடைக்குப் பத்துக்கு நாலடி போர்டு. பட்டறையில் கேட்டபோது, "எட்ச் பிரைமர் அடிச்சே தர்றோம்ணே, நீங்க நேரா எழுதலாம்" என்றார் அந்தத் தம்பி. சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்த பரப்பைத் தடவிக் காட்டி, "நம்ம வேலைய பாருங்கண்ணே" என்றார். அங்கேயே முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

ஆவணியில் மாட்டினோம். மஞ்சள் தரையில் சிவப்பு எழுத்து, கறுப்பு நிழல். 'கருவாடு' என்பதில் 'வா'வின் வளைவுக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. ஐப்பசி மழை தொடங்கியதும் ஓரத்தில் கொப்புளம். நகத்தால் நெம்பினால் எழுத்து, தரை, பிரைமர் எல்லாம் சேர்ந்து ஒரே தோலாக உரிந்து வந்தது. அடியில் தகடு புதுசாகப் பளபளத்தது.

போன் செய்தால், "உப்புக்காத்துண்ணே, நாங்க என்ன பண்றது". உப்புக்காற்று தகட்டை அரித்திருந்தால் வெட்டிய ஓரத்திலும் ஸ்க்ரூ ஓட்டையிலும் துரு கண்டிருக்கும். இங்கே துருவே இல்லை, பெயிண்ட் தகட்டைப் பிடிக்கவே இல்லை. அடித்திருந்தது சாதாரண எண்ணெய் பிரைமர். ஜி.ஐ. தகட்டின் புதுத் துத்தநாகப் பூச்சின் மேல் அதை நேராக அடித்தால், எண்ணெயும் துத்தநாகமும் வினைபுரிந்து நடுவில் சோப்புப் படலம் உண்டாகும், ஈரம் பட்டால் பிடிப்பு விட்டுவிடும். எட்ச் பிரைமரில் உள்ள அமிலம்தான் தகட்டைக் கடித்துப் பிடிக்கும். இதைச் சொன்னதும், "உங்க பெயிண்ட் டூப்ளிகேட்டா இருக்கும்" என்றார். அப்புறம் "ஓனர் வெளியூர்ல இருக்கார்". இப்போது போனையே எடுப்பதில்லை.

கருவாட்டுக் கடை அண்ணாச்சி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டேன், அவர் மேல் தப்பில்லை. பலகை 8,000, பெயிண்ட் 1,900, வண்டியும் மாட்டுக்கூலியும் 1,600. ஆக 11,500 என் கையை விட்டுப் போனது. எழுதின கூலி கணக்கிலேயே இல்லை.

போர்டு வாங்குவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பிரைமர் அடித்த பலகையை வாங்காதீர்கள். வெறும் தகடாக வாங்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, இரண்டு டப்பா கலக்கும் எட்ச் பிரைமரை நீங்களே மெல்லிசாக அடியுங்கள். ஏற்கெனவே அடித்துக் கொடுத்துவிட்டால், மூலையில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, செலோடேப் ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டம் டேப்போடு வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். என்ன பிரைமர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'போர்டு 1' என்று மட்டும்தான் இருக்கிறது, அதை வைத்துத்தான் என்னை விரட்டுகிறார்கள்.