ஒரு வீடு, ஐந்து ஃபோன், ஒரே பர்ஸ்: கூகுள் குடும்பப் பகிர்வில் மூன்று வருடம்

வாங்கியதைக் கணக்குகளுக்கிடையே பகிர்ந்துகொள்ள உதவும் கூகுள் குடும்பக் குழுவைத் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு நாட்டு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. நான் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு மனைவிக்கோ மகளுக்கோ வேண்டுமென்றால், அவர்கள் ஃபோனில் என்னுடைய கூகுள் கணக்கையும் சேர்த்துவிடுவேன். விளையாட்டு வந்துவிடும். கூடவே என் ஆபீஸ் நண்பர்களின் நம்பர்களும், காலண்டர் நினைவூட்டல்களும் வந்துவிடும். ஒரு நாள் அம்மா, "யாருடா இந்த லோன் ஏஜென்ட், நம்ம ஃபோன்ல இவன் நம்பர் எப்படி வந்துச்சு?" என்று கேட்டபோதுதான் இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று தோன்றியது.

கூகுள் குடும்பக் குழுவில் மொத்தம் 6 பேர் இருக்கலாம், நிர்வாகியையும் சேர்த்து. நிர்வாகி நான். அப்புறம் மனைவி, அம்மா, 12 வயது மகள், எங்கள் வீட்டில் தங்கிப் படித்த அக்கா மகன். ஆறாவது இடத்துக்கு சிங்கப்பூரில் இருக்கும் மச்சானைச் சேர்க்க நினைத்தேன், நடக்கவில்லை. எல்லோரும் நிர்வாகி வசிக்கும் நாட்டிலேயே வசிக்க வேண்டும் என்பது விதி. இன்னொரு விதியையும் அழைப்பு அனுப்பும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஒரு குழுவை விட்டு இன்னொரு குழுவுக்கு மாறுவது 12 மாதத்துக்கு ஒரு முறைதான். சும்மா சேர்த்துப் பார்ப்போம் என்று யாரையும் இழுத்துப் போடக்கூடாது.

முதல் வாரமே ஒரு குழப்பம். நான் வாங்கியிருந்த Stardew Valley என்ற பண்ணை விளையாட்டு என் அம்மாவின் ஃபோனில் இலவசமாக இறங்கியது. மனைவியின் ஃபோனில் மட்டும் விலை காட்டியது. அரை மணி நேரம் அமைப்புகளைத் துழாவிய பிறகுதான் காரணம் தெரிந்தது. அவள் ஃபோனில் இரண்டு கணக்குகள், பிளே ஸ்டோர் திறந்திருந்தது அலுவலகக் கணக்கில். நிறுவனம் கொடுக்கும் கணக்கைக் குடும்பக் குழுவில் சேர்க்கவே முடியாது. மேலே வலது மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டுச் சொந்தக் கணக்குக்கு மாறியதும் விலை மறைந்துவிட்டது. பகிர்ந்த விளையாட்டுக்கு விலை காட்டினால் நான் இப்போதும் முதலில் பார்ப்பது அந்த வட்டப் படத்தைத்தான்.

அடுத்த பாடத்துக்குக் காசு செலவானது. அம்மாவுக்கு வார்த்தைப் புதிர் ஒன்று ரொம்பப் பிடித்துப்போனது. இலவசமாக இறங்கும், 20 கட்டம் தாண்டியதும் மீதியைத் திறக்கப் பணம் கேட்கும். நான் என் ஃபோனில் பணம் கட்டித் திறந்துவிட்டு, "இனி உங்க ஃபோன்லயும் திறந்திருக்கும்மா" என்று பெருமையாகச் சொன்னேன். திறக்கவில்லை. தப்பு என்னுடையது, படித்துப் பார்க்காமல் கட்டினேன். குழுவில் வாங்கியதைப் பகிரும் இடமான குடும்ப நூலகம் பகிர்வது வாசலில் காசு கொடுத்து வாங்கியதை மட்டும்தான். அதாவது, விலை போட்டு விற்கும் செயலியை ஒருவர் வாங்கினால் மற்றவர்களுக்கும் அது உண்டு. உள்ளே போன பிறகு வாங்கும் எதுவும், அது நாணயமோ கூடுதல் கட்டமோ விளம்பர நீக்கமோ, வாங்கிய கணக்கோடு நின்றுவிடும். செயலிக்குள் கட்டும் மாதச் சந்தாவும் பெரும்பாலும் அப்படித்தான், அந்தச் சேவையே தனியாகக் குடும்பத் திட்டம் வைத்திருந்தால் ஒழிய.

ஆகவே வாங்குவதற்கு முன் செயலியின் பக்கத்தில் இரண்டு வரிகளைத் தேடுவேன். Eligible for Family Library என்று இருந்தால் பகிரலாம். In-app purchases என்றும் இருந்தால், உண்மையான சரக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் விளையாட்டுகள் நிறைய. வாசலில் டிக்கெட் வாங்கி, உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிக் காசு கேட்கும் பொருட்காட்சி மாதிரி.

இந்த உள்காசுத் தொல்லைக்கு எங்களுக்குக் கிடைத்த மாற்று பிளே பாஸ் சந்தா. அதன் பட்டியலில் இருக்கும் விளையாட்டுகளில் விளம்பரம் கிடையாது, உள்ளே வாங்க வேண்டியவையும் திறந்தே இருக்கும். நிர்வாகி சந்தா கட்டினால் மற்ற 5 பேரும் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் பிளே ஸ்டோரில் அதை ஒரு முறை இயக்கிக்கொள்ள வேண்டும். நான் கட்டிய பிறகும் மகள் இரண்டு வாரம் விளம்பரம் பார்த்துக்கொண்டே விளையாடியது அதனால்தான். சந்தாவை நிறுத்தினால் திறந்தவை மூடிக்கொள்ளும். பள்ளி விடுமுறை மாதங்களில் கட்டி, ஜூனில் நிறுத்திவிடுவது எங்கள் கணக்குக்குச் சரியாக இருக்கிறது.

எதைப் பகிர்ந்தாலும் விளையாட்டில் எட்டிய நிலை பகிரப்படாது. அவரவர் முன்னேற்றம் அவரவரிடம். மகள் கட்டிய பண்ணை என் ஃபோனில் தெரியாது, நான் அதைக் கெடுக்கவும் முடியாது. அவளைப் பொறுத்தவரை குடும்பப் பகிர்வின் ஒரே நல்ல அம்சம் இதுதான்.

அவள் எதையாவது வாங்கப் போனால் அனுமதி கேட்டு என் ஃபோனுக்கு வரும். இது பிளே ஸ்டோர் வழியாகப் பணம் போகும் வாங்கல்களுக்கு மட்டும்தான் பொருந்தும். நூலகத்தில் ஏற்கெனவே பகிர்ந்திருப்பதை இறக்க அனுமதி கேட்காது. அக்கா மகன் வாங்கிய துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்று அப்படித்தான் சத்தமில்லாமல் அவள் ஃபோனுக்குப் போனது. அதற்குப் பிறகு, வாங்கியது எல்லாம் தானாகச் சேரும் அமைப்பை அவன் ஃபோனில் மாற்றி, ஒவ்வொன்றாகச் சேர்க்கும்படி வைத்தோம். வயது வரம்பையும் அவள் கணக்கில் இறுக்கினேன்.

சேமிப்பிடத்தின் கணக்கு வேறு மாதிரி. கூகுள் ஒன் 100 ஜிபி திட்டத்தைக் குடும்பத்தோடு பகிர்ந்திருக்கிறேன். ஒவ்வொருவரும் முதலில் தங்கள் இலவச 15 ஜிபியை நிரப்புவார்கள், அதைத் தாண்டியதுதான் பொதுப் பானையில் இருந்து போகும். போன தீபாவளிக்கு நாங்கள் இருந்த நிலை: நான் 31 ஜிபி, மனைவி 22, அக்கா மகன் 71, மகள் 12, அம்மா 9. பொதுவில் என் பங்கு 16, மனைவி 7, அவன் 56. ஆக 79 போய்விட்டது. அம்மாவிடம் மீதமிருக்கும் 6 ஜிபியை வேறு யாரும் தொட முடியாது. அவன் என்ன வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, எவ்வளவு என்பது மட்டும் தெரியும். அந்த மறைவு நல்லதுதான். பானை நிரம்பினால் 15 தாண்டிய எல்லோருக்கும் படம் சேமிப்பது நின்றுபோகும், மெயிலும் தடைபடும் என்று அவனிடம் சொன்னேன். கல்லூரி விழா வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினான், 30 ஜிபி திரும்பி வந்தது.

இப்போது அவனுக்குப் பெங்களூரில் வேலை. வேறு வீட்டுக்குப் போய்விட்டவனைக் குழுவில் வைத்திருப்பது முறையில்லை, நீக்க வேண்டும். நீக்கினால் அவன் பகிர்ந்த விளையாட்டுகள் எங்களிடமிருந்து போய்விடும், நாங்கள் பகிர்ந்தவை அவனிடமிருந்து போகும். பட்டியல் போட்டுப் பார்த்தேன். எங்களுக்கு இழப்பு ஒன்றே ஒன்று, அம்மா தினமும் மாலையில் விளையாடும் படப் புதிர். அதை வாங்கியவன் அவன். நானே வாங்கித் தருகிறேன், விலை பெரிதில்லை என்றேன்.

"இன்னும் பதினோரு படம்தான்டா இருக்கு. அதுவரைக்கும் அவன் இருக்கட்டும்" என்றார்.