மலைக்குழாயில் ஏர் வால்வு: நெடுநாள் ஓட்டத்தில் தெரிந்தவை

பினாங்கு பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் தோட்டங்களுக்கு மலை ஓடையிலிருந்து கறுப்பு பாலி பைப்பில் தண்ணீர் இறக்குவது வழக்கம். மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும் பைப்பில் முதல் நாள் நன்றாக வந்த தண்ணீர், சில வாரங்களில் பாதியாகிவிடும். அடைப்பு என்று நினைத்துப் பைப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் அங்கே இருந்தது காற்றுதான்.

காற்று மேட்டின் உச்சியில் மட்டும் நிற்பதில்லை. தண்ணீர் போகும் திசையில், இறங்கும் சரிவு வரை நீள்கிறது. அந்தச் சரிவில் தண்ணீர் பைப்பை நிரப்பாமல் வாய்க்கால் போல அடியில் ஓடும். அதனால் காற்று பிடித்திருக்கும் சரிவின் செங்குத்து உயரம் முழுவதும் வீணாகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓடைக்கும் தோட்டத்து டேங்குக்கும் 18 மீட்டர் உயர வித்தியாசம், 63 மி.மீ. பைப் (உள்விட்டம் சுமார் 55 மி.மீ.), நீளம் 1,200 மீட்டர். பைப் நிறைந்து ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 128 லிட்டர் வர வேண்டும். வழியில் மூன்று மேடுகள். ஒவ்வொன்றிலும் 5 மீட்டர் உயரத்துக்குக் காற்று பிடித்தால் மொத்தம் 15 மீட்டர் போய்விடும். மிச்சம் 3 மீட்டர். வருவது 50 லிட்டருக்கும் குறைவு. மேடுகளின் இழப்பு 18 மீட்டரைத் தொட்டால் ஒரு சொட்டும் வராது.

இதைக் கண்டுபிடிக்க 20 லிட்டர் வாளி போதும். மேலே சொன்ன பைப்பில் வாளி 9 விநாடியில் நிறைய வேண்டும். 24 விநாடி ஆனால், மேடு மேடாக நடந்து இறங்கும் சரிவில் காதை வையுங்கள். சலசலவென்று ஓடை ஓடுவது போலக் கேட்கும் இடத்தில்தான் காற்று இருக்கிறது.

இந்தக் காற்றை வெளியேற்றத்தான் மேட்டில் ஏர் வால்வு வைக்கிறோம். அதை வாங்கும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். பெரிய துளை வால்வு, பைப் நிரம்பும்போது காற்றை வேகமாக வெளியேற்றும். காலியாகும்போது காற்றை உள்ளே இழுத்து, பைப் ஒடுங்காமல் காக்கும். ஆனால் ஓட்டத்தின்போது சேரும் காற்றை அது விடாது. 25 மி.மீ. துளையில் 1 பார் அழுத்தம் தள்ளும் விசை கிட்டத்தட்ட 5 கிலோ எடைக்குச் சமம். உள்ளே காற்று சேர்ந்து தண்ணீர் இறங்கினாலும், துளையை மூடும் லேசான மிதவைக் குண்டு மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். 2 மி.மீ. துளையில் அதே அழுத்தம் 32 கிராம்தான். குண்டு தன் எடையாலேயே விழும், காற்று போகும். இரண்டு துளையும் ஒரே உடலில் இருக்கும் கூட்டு வால்வுதான் இந்த வேலைக்குச் சரி. விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள்.

பொருத்தும் இடம் உச்சியிலோ, அதைத் தாண்டி இறக்கம் தொடங்கும் இடத்திலோ இருக்கட்டும். பைப்பில் 63 மி.மீ. டீ இணைப்பை அதன் கிளை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, அதற்கு மேலே 25 மி.மீ.க்குக் குறையுங்கள். சின்னத் துளை போட்டு நேரடியாகத் திருகினால், ஓடும் தண்ணீரோடு காற்று துளையைத் தாண்டிப் போய்விடும். வால்வுக்கு அடியில் ஒரு பால் வால்வு அவசியம். இல்லையென்றால் கழுவுவதற்கே முழு லைனையும் நிறுத்த வேண்டும். வால்வு செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்தால் குண்டு சரியாக அமராது.

முதன்முறை நிரப்பும்போது அவசரப்படக் கூடாது. நிமிடத்துக்கு 43 லிட்டர் அளவில் விட்டால் வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர், இந்த லைன் நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேகமாக விட்டால் காற்று தீர்ந்த நொடியில் குண்டு அறைந்து மூடும், அந்த அடி இணைப்புகளைப் பிரிக்கும்.

ஆண்டுக்கணக்கில் ஓடும் வால்வுகளில் அதிகம் கெடுவது ரப்பர் சீல்தான். மழைக்காலத்தில் ஓடை கலங்கி, மணலும் இலைத்தூளும் சீலுக்கு அடியில் சிக்கி ஒழுகும். ஒழுகலை நிறுத்த அடி வால்வை மூடிவிட்டு மறந்துவிடுவார்கள். காற்று மறுபடி சேரும். நேர்மாறாக, குளவி மண்கூடு கட்டித் துளையை அடைத்தால் ஒழுகலே இருக்காது, வால்வு நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து கழுவி, குண்டு தடங்கலின்றி மேலும் கீழும் போகிறதா என்று பாருங்கள். இறுகிப்போன ரப்பரை மாற்றிவிடுங்கள்.

வால்வு எல்லா மேட்டுக்கும் பயன்படாது. பைப் நிறைந்து ஓடும்போது ஓடையிலிருந்து டேங்க் வரை அழுத்தம் சீராகக் குறைந்துகொண்டே வரும். மேற்கண்ட லைனின் நடுவில் 9 மீட்டர் செலவாகியிருக்கும். அங்கே ஒரு மேடு ஓடையைவிட 7 மீட்டர்தான் தாழ்ந்திருந்தால், உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. வால்வு காற்றை வெளியே விடாமல் உள்ளே உறிஞ்சும். அடி வால்வைத் திறந்து துளையில் ஈரவிரலை வைத்தால் இழுப்பது தெரியும். அந்த மேட்டில் வால்வைக் கழற்றி மூடிவிட்டு, பைப்பைச் சரிவில் 3, 4 மீட்டர் தாழ்வாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும்.