எல்லாப் பாட்டும் ஒரே நாளிலா, ஒவ்வொன்றாகவா? இரண்டு படத்துக்கு வேலை பார்த்தபின் என் கணக்கு

சின்ன பட்ஜெட்டில் எடுத்த இரண்டு தமிழ்ப் படங்களுக்குப் பாட்டு வெளியீட்டு வேலை என் தலையில் விழுந்தது. முதல் படத்தில் விழா வைத்து ஐந்து பாட்டையும் ஒரே சாயங்காலத்தில் விட்டோம். இரண்டாவதில் ஒவ்வொரு பாட்டாக, சிங்கிள் சிங்கிளாக விட்டோம். மூன்றாவது படம் இப்போது எடிட்டிங்கில் இருக்கிறது. அதற்கும் சிங்கிள்தான் என்று முடிவாகிவிட்டது. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

எல்லோரும் சொல்லும் விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். விழாவுக்கு அரங்கம், மேடை, விருந்தினர் என்று செலவு. சிங்கிளுக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் போஸ்டர், அறிவிப்பு, லிரிக்கல் வீடியோ என்று செலவு. கூட்டிக் கழித்தால் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் வரவில்லை. கேசட், சிடி காலத்தில் எல்லாப் பாட்டையும் ஒன்றாகக் கொடுத்ததற்குக் காரணம் எளிது: கடையில் விற்ற பொருளே அதுதான். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. விழாவில் படக்குழு மொத்தமும் ஒரே மேடையில் நிற்கும், அடுத்த நாள் பத்திரிகையில் படம் வரும். அது உண்மையிலேயே நல்ல விஷயம். சிங்கிளில் அது கிடைக்காது.

ஆனால் தேர்வை முடிவு செய்வது இவை எதுவும் இல்லை. ரிலீஸ் தேதி தள்ளிப்போனால் கையில் என்ன மிச்சம் இருக்கும் என்பதுதான்.

தேதி தள்ளிப்போவது சின்னப் படங்களுக்கு விபத்து இல்லை, வழக்கம். பெரிய படம் ஒன்று அதே வெள்ளிக்கிழமையைப் பிடித்தால் திரைகள் போய்விடும். கலர் கிரேடிங் முடியாது, சென்சார் தாமதமாகும், ஓடிடி ஒப்பந்தம் இழுக்கும். பெரிய படங்களுக்கும் நடக்காமல் இல்லை. ‘மாஸ்டர்’ படத்தின் இசை வெளியீட்டு விழா 2020 மார்ச் 15 அன்று நடந்தது. படம் ஏப்ரல் 9 அன்று வர வேண்டும். கொரோனா வந்து திரையரங்குகளை மூடினார்கள். படம் வெளியானது 2021 ஜனவரி 13 அன்று. பத்து மாதம் கழித்து! அந்தப் பாட்டுகள் அத்தனை நாளும் வீட்டுக்குள் ஆடிக்கொண்டே இருந்தன என்றால், அதற்கு அந்த நட்சத்திரமும் அந்த இசையும் காரணம். எங்கள் படத்தின் பாட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

முதல் படத்தில் நடந்தது இதுதான். ரிலீஸுக்கு மூன்றரை வாரம் முன்னால் விழா. அன்று இரவே ஐந்து பாட்டும் பாட்டுக் கேட்கும் ஆப்களில் ஏறிவிட்டன, யூடியூபில் ஐந்தும் அடுத்தடுத்து ஓடும் ஒரு ஜூக்பாக்ஸும் ஒரு லிரிக்கல் வீடியோவும். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஆடியோ லேபிளில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஜூக்பாக்ஸின் வரைபடத்தை அனுப்பினார், எத்தனை பேர் எந்த நிமிடம் வரை கேட்டார்கள் என்று காட்டும் அந்தக் கோடு. முதல் பாட்டு முடியும் இடத்தில் ஒரு சரிவு, இரண்டாவது முடியும் இடத்தில் இன்னொரு சரிவு. அதற்குமேல் கோடு தரையோடு தரையாகப் போனது. எங்கள் படத்தின் சிறந்த பாட்டு ஐந்தாவது. இயக்குநர் கடைசியில் வரட்டும் என்று ஆசைப்பட்டு வைத்தது. அதை யாருமே கேட்கவில்லை என்பதை அந்தக் கோடு பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இதற்குள் பெரிய படம் ஒன்று எங்கள் தேதிக்கு வந்துவிட்டது. தயாரிப்பாளர் ஒதுங்கினார். கடைசியில் விழா முடிந்து பதினோரு வாரம் கழித்துத்தான் படம் வந்தது. அந்த இடைவெளியில் மக்களுக்குக் கொடுக்கப் புதிதாக எங்களிடம் எதுவும் இல்லை. கேட்ட பாட்டையே வெட்டி ஒட்டி ‘ப்ரோமோ’ என்று விட்டோம். “இது பழைய படமாச்சே, ஏற்கெனவே வந்துடுச்சு இல்ல?” என்று ஒருவர் கமென்ட் போட்டிருந்தார். படம் வரவே இல்லை. பாட்டு மட்டும் வந்து பழசாகிவிட்டது.

இன்னொரு இழப்பும் உண்டு, அது அப்போது எனக்குத் தெரியாது. ஸ்பாட்டிஃபையில் தளத்தின் ஆசிரியர் குழு தொகுக்கும் பட்டியல்களுக்கு வெளிவராத பாட்டைத்தான் பரிந்துரைக்க முடியும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. ஐந்தையும் ஒரே நாளில் விட்டால் ஒரு பாட்டுக்குத்தான் அந்த வாய்ப்பு. மற்ற நாலும் வெளிவந்த பாட்டுகளாகிவிடும். தனித்தனியாக விட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை கதவைத் தட்டலாம். கதவு திறக்குமா என்பது வேறு விஷயம்.

இரண்டாவது படத்துக்கு வருகிறேன். இதிலும் ஐந்து பாட்டு. முதல் சிங்கிள் ரிலீஸுக்கு ஒன்பது வாரம் முன்னால். இரண்டு நாளில் ஏற வேண்டியது ஏறி, பிறகு இறங்கத் தொடங்கியது. எல்லாப் பாட்டும் இப்படித்தான், அதில் கவலை இல்லை. கவலைப்பட வைத்தது தேடல் சொற்கள். யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால், என்ன தட்டச்சு செய்து தேடி வந்தார்கள் என்ற பட்டியலும் வரும். சேனல் லேபிளுடையது, நாம் திறந்து பார்க்க முடியாது. ஸ்க்ரீன்ஷாட் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வாங்கிப் பார்த்தால் பாட்டின் முதல் வரி இருந்தது, பாடகரின் பெயர் இருந்தது. படத்தின் பெயர் கிட்டத்தட்ட இல்லை.

பாட்டு ஓடுகிறது, படம் ஓடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இந்த நோயின் பெரிய உதாரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ‘கொலவெறி’ 2011 நவம்பர் 16 அன்று வந்தது. அது இடம்பெற்ற ‘3’ படம் 2012 மார்ச் 30 அன்று வந்தது. அந்த நாலரை மாதத்தில் பாட்டு உலகம் சுற்றிவிட்டது. பாட்டைக் கேட்டுச் சிரித்தவர்கள் தியேட்டரில் சந்தித்தது வேறு மாதிரியான, கனத்த ஒரு கதையை.

சிங்கிளில் இருந்த வசதி, இதைத் திருத்த எங்களுக்கு இன்னும் நாலு பாட்டு மிச்சம் இருந்தது. இரண்டாவது சிங்கிளில் தம்ப்நெயிலில் பாட்டு வரியைச் சின்னதாக்கி, படத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டோம். லிரிக்கல் வீடியோவின் நடுவில், வரிகள் இல்லாத இசைப் பகுதியில், படத்திலிருந்து ஏழெட்டு விநாடிக் காட்சி ஒன்றை வைத்தோம். அடுத்த ஸ்க்ரீன்ஷாட்டில் படத்தின் பெயர் பட்டியலுக்குள் வந்திருந்தது. முதலிடம் இல்லை, ஆனால் இருந்தது. ஒரே நாளில் ஐந்தையும் விட்டிருந்தால் இந்தத் தவறு ஐந்து பாட்டிலும் நடந்து முடிந்திருக்கும்.

அப்புறம் எதிர்பார்த்தபடியே தேதி தள்ளிப்போனது, ஐந்து வாரம். மூன்றாவது சிங்கிளை நிறுத்தினோம். நிறுத்த முடிந்ததே பெரிய விஷயம். தேதி மீண்டும் உறுதியான பிறகு அதை விட்டோம், நாலாவதை ரிலீஸுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் விட்டோம், ஐந்தாவதைப் படத்தோடு சேர்த்தே விட்டோம். படம் வந்த வாரத்தில் நாங்கள் பழைய படமாக இல்லை.

ஆனால் சிங்கிள் வழியில் பராமரிப்பு வேலை அதிகம், அதை மறைக்கக் கூடாது. மூன்றாவது சிங்கிளை நிறுத்தியது சுலபமாக நடக்கவில்லை. யூடியூபில் குறித்துவைத்த நேரத்தை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆனால் ஆப்களுக்குப் பாட்டு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கும், திரும்பப் பெற நாளாகும். நாங்கள் சொன்னது வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்னால். மற்ற எல்லா இடத்திலும் நின்றது, ஒரே ஒரு ஆப்பில் மட்டும் பழைய தேதியில் வெள்ளிக்கிழமை நள்ளிரவு பாட்டு வந்துவிட்டது. காலையில் எழுந்தபோது யாரோ அதை எடுத்து ஒரு சினிமா பக்கத்தில் ‘லீக்’ என்று போட்டிருந்தார்கள். சனிக்கிழமை முழுக்க அதை இறக்குவதிலேயே போனது.

இன்னொரு சிக்கல் ஐ.எஸ்.ஆர்.சி. எண். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் பன்னிரண்டு இடம் கொண்ட ஒரு அடையாளம் உண்டு. சிங்கிளாக வந்த பாட்டு பிறகு ஆல்பத்தில் சேரும்போது அதே ஒலிப்பதிவு, அதே எண் என்று போக வேண்டும். எங்களுக்கு ஆல்பம் அட்டவணை தயாரித்தவர் ஐந்துக்கும் புது எண் போட்டுவிட்டார். முதல் சிங்கிள் இரண்டு தனிப் பாட்டாகக் காட்டியது, மாதக்கணக்கில் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை ஒரு பக்கம், பூஜ்யம் ஒரு பக்கம். புதிதாக வருபவர் கண்ணில் படுவது அந்தப் பூஜ்யம்தான். இப்போதெல்லாம் ஆல்பம் அட்டவணையை நானே சிங்கிள் அட்டவணையோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

பெரிய நட்சத்திரப் படத்தில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே விழாவில் நட்சத்திரம் பேசும் பத்து நிமிடமே பாட்டைவிடப் பெரிய விளம்பரம், அதனால் கணக்கு வேறாக இருக்கலாம். அவர்களும் சிங்கிள்களை முதலில் விட்டுவிட்டு, மிச்சத்தை விழாவில் விடுகிறார்கள் என்பதையும் கவனிக்கிறேன். பாட்டே இரண்டுதான் என்றால் இந்த அலசலே தேவையில்லை, தோன்றியபடி விடலாம்.

மூன்றாவது படத்துக்கு ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். சிங்கிள்களை நாட்காட்டியில் கட்டவில்லை, வேலையில் கட்டியிருக்கிறோம். இனி வெட்டு ஒட்டு இல்லை என்று எடிட் பூட்டப்பட்டால் முதல் பாட்டு. அதற்குமுன் விட்டால் படத்திலிருந்தே வெட்டப்படும் பாட்டை விளம்பரம் செய்துகொண்டிருப்போம். பின்னணி இசை முடிந்து மிக்ஸிங் தொடங்கினால் இரண்டாவது. சென்சார் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் மூன்றாவது. அதுவரை அந்தப் பாட்டின் கோப்பை லேபிளுக்கே அனுப்புவதில்லை என்று இயக்குநரிடம் பேசி வைத்திருக்கிறேன். எடிட் இன்னும் பூட்டவில்லை. முதல் பாட்டு எப்போது என்று இசையமைப்பாளர் வாரம் ஒருமுறை போன் செய்கிறார். எடிட்டரைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.