மாதக் கட்டாயச் செலவுகளைப் பேங்க் ஸ்டேட்மென்டிலிருந்து பிரித்தெடுத்த இரண்டு வருட அனுபவம்

வீட்டில் மாதம் எவ்வளவு பணம் தானாகப் பிடிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள, இரண்டு வருடமாக ஒரே முறையைத்தான் பயன்படுத்துகிறேன். நெட் பேங்கிங்கில் பதின்மூன்று மாத ஸ்டேட்மென்டை எக்செல் கோப்பாக இறக்கி, கூகுள் ஷீட்ஸில் திறக்கிறேன். பன்னிரண்டு மாதம் எடுத்தால், பிடிக்கும் தேதி கொஞ்சம் தள்ளிப்போன வருடாந்திரக் காப்பீட்டு பிரீமியம் தப்பிவிடும்.

விவர வரிகளில் ACH அல்லது NACH என்று இருப்பவை பெரும்பாலும் கடன் தவணை, காப்பீடு, எஸ்ஐபி. SI என்று வருவது நாமே பேங்குக்குக் கொடுத்த நிலையான உத்தரவு. எங்கள் கணக்கில் ஆர்டிக்குப் போகும் 3,000 ரூபாய் அப்படித்தான் வருகிறது. ஒரே நிறுவனத்தின் வரியிலும் மாதாமாதம் குறிப்பு எண் மாறுவதால் அவை ஒன்றுசேராது. அதனால் எண்களை மட்டும் நீக்கிவிடுகிறேன்:

```
=TRIM(REGEXREPLACE(UPPER(B2),"[0-9]+",""))
```

இதை வைத்து பிவட் டேபிள் போட்டு, ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று பார்க்கிறேன். மாதத்துக்கு ஒன்று வந்திருந்தால் அது கட்டாயச் செலவு.

போன வருடம் இதிலேயே ஒரு சிக்கல் வந்தது. ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் 24 பற்று வரிகள் இருந்தன. பைக், ஃபிரிட்ஜ் என்று அங்கே எங்களுக்கு இரண்டு கடன்கள். எண்களை நீக்கியதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தொகையையும் சேர்த்துப் பிரித்தேன். 2,150 ரூபாய் ஃபிரிட்ஜ் தவணை 10 முறையும், 3,847 ரூபாய் பைக் தவணை 14 முறையும் இருந்தன. பதின்மூன்று மாதத்தில் எப்படிப் பதினான்கு? வரவுப் பத்தியைப் பார்த்ததும் புரிந்தது. அக்டோபர் 5-ஆம் தேதி இருப்பு போதாமல் தவணை திரும்பியிருக்கிறது. பிடித்த தொகை வரவாகத் திரும்பி, கீழே தனியாக ரிட்டர்ன் கட்டணமும் இருந்தது. நான்கு நாள் கழித்து மறுபடி பிடித்திருந்தார்கள். அதே தொகை வரவிலும் இருந்தால் அந்தப் பற்றை இப்போது எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

தொகையை வைத்துப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். வட்டி விகிதம் மாறியதும் சில வீட்டுக் கடன்களில் தவணைத் தொகையே மாறிவிடும். அப்போது ஒரு கடன் இரண்டாகத் தெரியும். அதில் ஒன்று நின்ற அடுத்த மாதமே மற்றொன்று தொடங்கியிருந்தால் இரண்டும் ஒரே கடன்தான்.

கிரெடிட் கார்டில் போட்ட இஎம்ஐ மட்டும் இந்த முறையில் சிக்காது. பேங்க் ஸ்டேட்மென்டில் கார்டு பில் ஒரே தொகையாகத்தான் வரும், கார்டு ஸ்டேட்மென்டைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இப்போது பட்டியலில் வீட்டுக் கடன் 18,420, பைக் 3,847, ஆர்டி 3,000, அப்புறம் வருடத்துக்கு 14,400 கட்டும் காப்பீட்டுக்கு மாதப் பங்கு 1,200. மொத்தம் 26,467. முடிந்துபோன ஃபிரிட்ஜ் தவணையை எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கடைசித் தவணை மாதத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். பைக்குக்கு அது வரும் ஜூன்.