பென்சோயேட்டா, சார்பேட்டா? ஒரு திராட்சை ஸ்குவாஷ் கணக்கு

ஸ்குவாஷ், கெட்ச்அப், ஊறுகாய் எதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும் பொடி எழுத்தில் பிரிசர்வேட்டிவ் என்று போட்டு, பக்கத்தில் 211 அல்லது 202 என்று ஓர் எண் இருக்கும். 211 சோடியம் பென்சோயேட், 202 பொட்டாசியம் சார்பேட். வாட்ஸ்அப்பில் இரண்டுக்கும் ஒரே பட்டம்தான், விஷம். விற்கிறவரைக் கேட்டால் ‘அதெல்லாம் கவர்ன்மென்ட் அனுமதிச்சதுதான் சார்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எதில் எது வேலை செய்யும், அனுமதித்த அளவு என்பது ஒரு குழந்தையின் டம்ளரில் எவ்வளவு, இந்த இரண்டையும் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. நாம் போட்டுப் பார்ப்போம்.

முதலில் வேலை செய்யும் விதம். இரண்டுமே பூஞ்சையையும் ஈஸ்ட்டையும் அடக்குவதற்கானவை. பாக்டீரியாவை ஓரளவுக்குத்தான் தடுக்கும். இரண்டும் உப்பு வடிவில் பொடியாக வருகின்றன, புளிப்பான கலவையில் போய் விழுந்ததும் பென்சாயிக் அமிலமாகவும் சார்பிக் அமிலமாகவும் மாறுகின்றன. உண்மையில் கிருமியை அடக்குவது அந்த அமிலம்தான், அதிலும் மின்னேற்றம் இல்லாமல் முழுசாக நிற்கிற மூலக்கூறுதான். அந்த மூலக்கூறால் மட்டும்தான் ஈஸ்ட்டின் சவ்வைத் தாண்டி எளிதாக உள்ளே போக முடியும். உள்ளே புளிப்பு குறைவு என்பதால் அங்கே போய் அது உடைந்து செல்லையே புளிக்க வைக்கிறது, ஈஸ்ட் தன் சக்தியையெல்லாம் அந்தப் புளிப்பை வெளியே தள்ளுவதிலேயே செலவழித்து, வளர முடியாமல் நின்றுவிடுகிறது.

இங்கேதான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். எவ்வளவு புளிப்பில் எத்தனை சதவீதம் முழுசாக நிற்கும் என்பது அந்தந்த அமிலத்தைப் பொறுத்தது. பிஎச் என்பது புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஎச் 3.5 உள்ள திராட்சை ஸ்குவாஷில் பென்சாயிக் அமிலம் 83 சதவீதம் வேலைக்குத் தயாராக இருக்கும், சார்பிக் 95 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. பிஎச் 4.5 ஆனால், அதாவது புளி குறைத்துச் செய்த தக்காளித் தொக்கு மாதிரி ஒன்றில், பென்சாயிக் 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும், சார்பிக் 65-ல் நிற்கும். பிஎச் 6-க்குப் போய்விட்டால் பென்சாயிக் 2 சதவீதம்கூடத் தேறாது, சார்பிக் 5 சதவீதம் சொச்சம்.

தேங்காய்ச் சட்னியை பாக்கெட் போட்டு விற்க எந்தப் பிரிசர்வேட்டிவ் நல்லது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கடைசி எண்ணே பதில். சட்னி புளிப்பே இல்லாத பண்டம், அதில் எதைப் போட்டாலும் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் வீண். வேலை செய்யவில்லையே என்று அளவைக் கூட்டுகிறவர்களும் உண்டு, அது சட்டத்தையும் மீறும், சட்னியையும் காப்பாற்றாது. ஃப்ரிட்ஜும் குறைந்த நாள் கெடுவும்தான் வழி.

சரி, பென்சோயேட் ஏன் இன்னும் எல்லா இடத்திலும் இருக்கிறது? விலை. சார்பேட்டை விட கணிசமாக மலிவு, தண்ணீரில் நன்றாகக் கரையும், நல்ல புளிப்பில் வேலையும் சுத்தமாக முடிக்கும். எலுமிச்சை ஸ்குவாஷுக்கு நம்மூர் பழப் பதனப் பயிற்சிகளில் கே.எம்.எஸ். எனப்படும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் போடச் சொல்வார்கள். திராட்சை, நாவல் மாதிரி அடர்நிறச் சாறுகளில் அது நிறத்தை வெளுத்துவிடும் என்பதால் அங்கே சோடியம் பென்சோயேட். இந்தப் பிரிவினை சரியானதுதான், காரணம் நிறம் மட்டும் இல்லை என்பதை அப்புறம் பார்ப்போம்.

இப்போது அளவு. இந்தியாவில் ஸ்குவாஷுக்கு நெடுங்காலமாக உள்ள உச்சவரம்பு கிலோவுக்கு 600 மில்லிகிராம் பென்சாயிக் அமிலம். கவனிக்க வேண்டியது, சட்டம் சொல்வது அமிலக் கணக்கு, நாம் கடையில் வாங்குவது உப்பு. 600 மில்லிகிராம் அமிலத்துக்கு சோடியம் பென்சோயேட் சுமார் 710 மில்லிகிராம் எடை போட வேண்டும், ஏனென்றால் உப்பில் சோடியத்தின் எடையும் சேர்ந்திருக்கிறது. சார்பேட்டில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது, ஒரு கிராம் சார்பிக் அமிலம் வேண்டுமென்றால் பொட்டாசியம் சார்பேட் 1.34 கிராம். பென்சோயேட்டுக்குப் போட்ட எடையையே சார்பேட்டுக்கும் போட்டுவிட்டு ‘சார்பேட் சரியில்லை, பூஞ்சை பிடிச்சிருச்சு’ என்பவர்கள் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

ஒரு கிலோ ஸ்குவாஷில் முக்கால் கிராமுக்கும் குறைவு. அது ஏறக்குறைய கால் டீஸ்பூன்தான். ‘ஒரு ஸ்பூன் போட்டேன்’ என்று எங்காவது சமையல் குறிப்பில் படித்தால் அனுமதித்ததைப் போலப் பல மடங்கு போயிருக்கிறது என்று அர்த்தம். குடித்தாலே தெரியும், தொண்டையில் மிளகு கடித்த மாதிரி ஒரு காரல். சார்பேட்டில் அந்தக் காரல் குறைவு, மெல்லிய சுவையுள்ள பானங்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு தவறு, பொடியை நேரே புளிப்புச் சாற்றில் தூவுவது. உப்பு விழுந்த இடத்திலேயே அமிலமாக மாறும், அமிலம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கும் அல்லது மேலே மிதக்கும். அப்படியானால் பாட்டிலின் ஒரு பகுதியில் அளவு அதிகம், மறுபகுதியில் போதாது. வெதுவெதுப்பான கொஞ்சம் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். இது 211, 202 இரண்டுக்கும் பொருந்தும்.

அந்த 600 மில்லிகிராம் உடம்புக்கு எவ்வளவு? ஒரு டம்ளர் ஜூஸுக்கு 60 கிராம் ஸ்குவாஷ் ஊற்றுகிறோம் என்று வையுங்கள், அதில் 36 மில்லிகிராம் பென்சாயிக் அமிலம். வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் உறுதி செய்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 300, அதாவது எட்டு டம்ளர் வரை. 15 கிலோ குழந்தைக்கு 75 மில்லிகிராம்தான், இரண்டே டம்ளரில் 72 வந்துவிடுகிறது. கூடவே கெட்ச்அப். அதற்கு வரம்பு 750, ஒரு பெரிய ஸ்பூனில் 11 மில்லிகிராம், அப்போது வரம்பைத் தாண்டியாயிற்று. ஊறுகாயைக் கண்டு பயப்பட வேண்டாம், 250 வரம்பில் பத்து கிராம் தொட்டுக்கொண்டால் இரண்டரை மில்லிகிராம்தான், அதில் உப்புதான் பெரிய விஷயம்.

ஒரு நாள் தாண்டினால் ஒன்றும் ஆகாது. எலிகளில் பாதிப்பே தென்படாத அளவை எடுத்து அதில் நூறில் ஒரு பங்கை வைத்த எண் அது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு புதிய எலி ஆய்வுகளையும், மனித உடம்பு இதை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்ற தரவையும் பார்த்து 2021-ல் இதே அளவை 20 ஆக உயர்த்தியது. அந்தக் கணக்கில் அதே குழந்தைக்கு 300 மில்லிகிராம். கல்லீரல் பென்சாயிக் அமிலத்தை கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு கோத்து ஹிப்பூரிக் அமிலமாக்கி சிறுநீரில் அனுப்பிவிடுகிறது, தேங்கி நிற்பதில்லை. யூரியா சுழற்சிக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளுக்கு ரத்தத்தில் அம்மோனியா ஏறும்போது இதே சோடியம் பென்சோயேட்டை, கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்ற கணக்கில், மருத்துவமனைக் கண்காணிப்பில் மருந்தாகவே ஏற்றுகிறார்கள்.

சார்பேட் பக்கம் கணக்கு இன்னும் தாராளம். உடம்பு சார்பிக் அமிலத்தைச் சாதாரணக் கொழுப்பு அமிலம் போலவே எரித்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக்கிவிடும். ஐரோப்பிய ஆணையம் 2015-ல் ஆதாரம் போதவில்லை என்று கிலோவுக்கு 3 மில்லிகிராமாக இறக்கி, புது ஆய்வு வந்தபின் 2019-ல் 11 ஆக்கியது. சர்வதேச நிபுணர் குழுவின் எண் 25. ஐரோப்பாவில் குளிர்பானத்தில் பென்சோயேட் லிட்டருக்கு 150, சார்பேட் 300 மில்லிகிராம் வரை. கால் லிட்டர் குடிக்கும் அதே 15 கிலோ குழந்தைக்கு பென்சோயேட்டில் 37.5 போகும், தாங்கும் அளவில் பாதி. சார்பேட்டில் 75 போகும், தாங்கும் 165-ல் பாதிக்கும் கீழே. அளவு இரட்டிப்பு, ஆனாலும் இடைவெளி கொஞ்சம் அதிகம்.

பென்சோயேட்டின் உண்மையான பலவீனம் அளவில் இல்லை, கூட்டாளியில் இருக்கிறது. வைட்டமின் சி-யோடு ஒரே பாட்டிலில், துளி இரும்பு அல்லது செம்பு இருந்து, வெயிலும் சூடும் சேர்ந்தால் சிறிதளவு பென்சீன் உண்டாகலாம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். 1990 வாக்கில் அமெரிக்காவில் இது வெளிப்பட்டது. 2005-க்குப் பிறகு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் பானங்களைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் குடிநீர் வரம்பான நூறு கோடியில் 5 பங்குக்குக் கீழேதான் இருந்தது, தாண்டிய சிலவற்றைத் தயாரிப்பாளர்கள் கலவை மாற்றினார்கள். சார்பேட்டில் பென்சீன் வராது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா மாதிரி வைட்டமின் சி நிறைந்த சாறுக்கு பென்சோயேட் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். திராட்சையில் வைட்டமின் சி சொற்பம், அங்கே அது பொருந்துகிறது. ஆனால் திராட்சை ஸ்குவாஷிலும் ‘வைட்டமின் சி சேர்க்கப்பட்டது’ என்று ஒட்டி விற்றால், அந்த பாட்டிலை மே மாத வெயிலில் கடை வாசலில் அடுக்கியிருந்தால், நான் வாங்க மாட்டேன்.

குழந்தைகளின் துறுதுறுப்பைப் பற்றி 2007-ல் வெளிவந்த சவுத்தாம்ப்டன் ஆய்வையும் பலர் இழுப்பார்கள். அதில் கொடுத்தது செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம். எது காரணம் என்று பிரிக்க முடியாத ஆய்வை வைத்து பென்சோயேட்டைக் குற்றவாளி ஆக்க முடியாது, விடுவிக்கவும் முடியாது. நாள்பட்ட தோல் தடிப்பு, ஆஸ்துமா உள்ள சிலருக்கு பென்சோயேட்டால் தொல்லை கூடுவது வேறு விஷயம், அவர்கள் 210 முதல் 213 வரை எந்த எண் இருந்தாலும் ஒதுக்குவது நல்லது.

சார்பேட்டும் குறையே இல்லாதது இல்லை. ஏற்கெனவே பூஞ்சை மண்டிய பழத்தையோ சீஸையோ இதை வைத்து மறைக்கப் பார்த்தால், சில பூஞ்சைகள் சார்பிக் அமிலத்தையே தின்று வேறொரு பொருளாக்கிவிடும், திறந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் ‘கெமிக்கல் அதிகமாப் போட்டுட்டாங்க’ என்று நினைப்போம். நடந்தது அது இல்லை, போட்ட கெமிக்கலைப் பூஞ்சை ஜெயித்திருக்கிறது.

ஸைகோசாக்கரோமைசஸ் பெய்லி என்றொரு ஈஸ்ட் அனுமதித்த அளவில் இரண்டையுமே தாங்கி வளரும். ஸ்குவாஷ் மூடி லேசாக உப்பி, திறக்கும்போது சோடா மாதிரி புஸ் என்று வந்தால் பெரும்பாலும் இப்படி ஏதோ ஈஸ்ட்தான். அடுத்த முறை பொடியைக் கூட்டிப் பயனில்லை. பாட்டிலையும் மூடியையும் கொதிக்க வைத்தார்களா, சாற்றைச் சூடுபடுத்தினார்களா, புனலைக் கழுவினார்களா என்று அங்கிருந்துதான் தேட வேண்டும்.